பத்தொன்பதால் பிரித்தால்

அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் எனக்கு ஒரே ஒரு கவலைதான். பின்னேரம் தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அதிபர் பேசுவார். பேச்சின் நடுவில் என் மகளின் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும், அவள் மட்டும் கதிரையில் உட்கார்ந்தபடி இருப்பாள். மண்டபம் நிறைந்த சனம் அதைப் பார்க்கும். அதற்குப் பிறகு அவளை அந்தப் பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் மட்டும் நடப்பது. லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஓர் ஆங்கிலப் பள்ளியின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாரநாட்களில் வேறு பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கும் மேசைகளில் சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள் ழகரத்தோடு மல்லுக்கட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை, கோடையில், சோதனை. வினாத்தாள் பல தமிழ்ப் பள்ளிகளுக்கும் பொதுவானது. வெளியிலிருந்து வரும், வெளியில்தான் திருத்துவார்கள். ஐம்பது புள்ளி எடுத்தால் சித்தி, அதாவது பாஸ். எழுதப்போகும் பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிதான் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

முந்தின வருடம் ஏழாம் வகுப்பில், அதாவது எங்கள் பள்ளியின் மூத்த வகுப்பில், பத்தொன்பது பேர் எழுதிப் பன்னிரண்டு பேர் சித்தியடைந்தார்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று வீதம். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அறுபத்து மூன்று வீதம் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். வாட்ஸ்அப் குழுவில் கேள்வி மேல் கேள்வி. ஸ்ட்ரெதம் பள்ளியில் தொண்ணூறாம், ஃபாரஸ்ட் கேட் பள்ளியில் அதற்கும் மேலாம் என்று ஆளுக்காள் கேள்விப்பட்டதைப் போட்டார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வேறு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றின. நிர்வாகக் குழு அதிபரின் கழுத்தைப் பிடித்தது.

அதிபர் மோசமான மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் அவர்மேல் கோபப்பட்டதைத்தான் இனி எழுதப்போகிறேன். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே கவுன்சிலில் கணக்குப் பகுதியில் வேலை. தசமத்துக்குப் பிறகு வருவதைக்கூட விடமாட்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள். எனக்குப் பயமும் அதனால்தான்: அவர் மண்டபத்தில் என்ன சொன்னாலும் சனம் நம்பும்.

மாசி மாதத்தில் ஏழாம் வகுப்புக்கு மாதிரிச் சோதனை ஒன்று வைத்தார்கள். ஒரு கிழமை கழித்து நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அதிபர் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, மகளுக்கு மாதிரியில முப்பத்தாறு. இந்த முறை எழுதவிட்டால் ஃபெயிலாகக்கூடும். பிள்ளையின்ர மனம் உடைஞ்சுபோகும். அடுத்த வருசம் வடிவா ஆயத்தப்படுத்தி எழுதலாம். நீங்கள் ஓம் எண்டால் பேரை அனுப்பாமல் விடுறன்."

"சேர், சோதனைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்குதே."

"கிடக்குது. எண்டாலும் நாற்பதுக்குக் கீழ எடுத்த பிள்ளையளின்ர பெற்றோர் எல்லாரோடயும் கதைக்கிறன். மற்றவை எல்லாரும் ஓம் எண்டிட்டினம்."

மற்றவர்கள் எல்லாரும் ஓம் என்றுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இல்லை என்று சொல்லத் தோன்றும். அது என் பிறவிக்குணம், என் கணவர் கல்யாணம் கட்டின நாளிலிருந்து அனுபவிக்கிறார்.

"என்ர பிள்ளை எழுதட்டும் சேர். உடையிற மனம் எண்டால் எழுதாமல் விட்டாலும் உடையும்" என்றேன்.

அன்று பின்னேரமே மகளின் சிநேகிதியின் தாய் போன் எடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் நேர்சரியிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள், அதனால் நாங்கள் இரண்டு தாய்மாரும் வருடக்கணக்காகச் சனிக்கிழமைகளில் ஒரே காரில் காத்திருந்து கதைத்தவர்கள். அவளுக்கும் அதே அழைப்பு வந்திருந்தது. அவளுக்கோ பெரிய ஆறுதல்.

"அதிபர் நல்ல மனிசன் அக்கா, முதலே சொல்லிப்போட்டார். ரிசல்ட் வந்தாப்பிறகு ஆக்களுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். எழுதேல்ல எண்டால் ஃபெயில் இல்லைத்தானே. அண்டைக்குச் சுகமில்லை எண்டு சொல்லலாம்."

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சோதனையில் தவறுவது குடும்பத்துக்கே வெட்கம், சோதனைக்கே போகாமல் விடுவது வெறும் சுகயீனம். அதிபர் அந்த வெட்கத்திலிருந்து எல்லாரையும் காப்பாற்றுவதாகத்தான் உண்மையாகவே நினைத்தார். தாய்மாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை.

என் மகள் நான்கு மாதம் படித்தாள். அதைப் படிப்பு என்று சொல்லலாமோ தெரியாது, பாதி நேரம் என்னோடு சண்டை. வேற்றுமை உருபை யார் கண்டுபிடித்தது என்று ஆங்கிலத்தில் கேட்பாள், நான் பதில் தெரியாமல் கத்துவேன். ஆனாலும் மேசையை விட்டு எழும்பவில்லை. கட்டுரை எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். சோதனை அன்று காலை அவளுடைய சிநேகிதி வீட்டில் படுத்திருந்து, "குட் லக்" என்று செய்தி அனுப்பினாள். நான் பள்ளிக்கூட நடையில் காத்திருந்தபோது ஏழாம் வகுப்பு அறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர்தான்.

பெறுபேறு வந்தது. நாற்பத்தேழு.

மகள் போனைப் பார்த்தாள். "மூண்டு" என்று மட்டும் சொன்னாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் படிக்கட்டின் கீழ் நின்றேன். முப்பத்தாறிலிருந்து நாற்பத்தேழுக்கு ஏறிய பிள்ளையை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மூன்று புள்ளியை நினைக்க அழுகை வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுசி என்ன செய்வாள், நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அதே இரவு வாட்ஸ்அப்பில் அதிபரின் செய்தி வந்தது. ஏழாம் வகுப்பின் சித்தி வீதம் அறுபத்து மூன்றிலிருந்து தொண்ணூற்றிரண்டாக உயர்ந்துள்ளதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம். கீழே கைதட்டும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு பேர் எழுதிப் பதினொரு பேர் சித்தி. சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை என்பது எட்டு வீதம். அந்த எட்டு வீதம் எங்கள் வீட்டு மாடியில் குப்புறப் படுத்திருந்தது.

பரிசளிப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் அவள் முதலில் நின்றாள். ஆனால் ஏழாம் வகுப்பு ஒரு சிறு நாடகம் போட இருந்தது. பத்தொன்பது பேருக்கும் வேடம், அவளுக்கு நீதிபதி வேடம். நீதிபதி இல்லாமல் நாடகம் இல்லை என்று சிநேகிதி கெஞ்சியதால் வந்தாள். விழா நாள் காலையில்தான் எனக்கு அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. எங்கள் அதிபர் ஒவ்வொரு வகுப்பின் வீதத்தையும் சொல்லிவிட்டு, "சித்தியடைஞ்ச பிள்ளையள் எழும்புங்கோ" என்பார். எழும்புவார்கள், சனம் கைதட்டும். முந்தின வருடம் ஏழு பேர் எழும்பாமல் இருந்தார்கள், ஏழு பேர் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. இந்த வருடம் ஒருத்திதான் என்று நான் நம்பியிருந்தேன். என் பயத்தில் நானும் அதிபரின் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன்.

விழா தொடங்குமுன் கன்ரீனில் அதிபரைப் பிடித்தேன். ஒரு கையில் பாதி கடித்த ரோல்ஸ், மறுகையில் பேச்சுத் தாள்.

"சேர், இண்டைக்குப் பிள்ளையளை எழும்பச் சொல்லவேண்டாம்."

"ஏன் பிள்ளை? வழக்கமாச் செய்யிறதுதானே. சந்தோசமான விசயம்."

"ஏழாம் வகுப்பில ஒராள்தான் ஃபெயில் எண்டு நீங்கள் படம் போட்டுக் காட்டப்போறியள். பேந்து எழும்பச் சொல்லப்போறியள்."

"நான் ஒருத்தரின்ர பேரும் போடேல்ல."

"பேர் தேவையில்லை சேர். கதிரையைப் பாத்தாலே சனத்துக்கு விளங்கும்."

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை. என்னால் நிறுத்த முடியவில்லை. "முப்பத்தாறில இருந்து நாற்பத்தேழு சேர். நாலு மாசத்தில. உங்கட வீதத்தில அது எங்க இருக்கு?"

"வீதத்தில அது வராது" என்றார். அந்த நேரத்திலும் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. "ஐம்பதுக்கு மேலயா, கீழயா எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நாற்பத்தொன்பதும் பூச்சியமும் அதுக்கு ஒண்டுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு முதலே சொல்லுறன், குறை நினைக்காதையுங்கோ. அடுத்த வருசத்திலயிருந்து மாதிரியில நாற்பது எடுக்காத பிள்ளையின்ர பேர் அனுப்புறதில்லை எண்டு குழு முடிவெடுத்திருக்கு. பெற்றோரைக் கேக்கிறதும் இல்லை. பேச்சின்ர கடைசியில அறிவிக்கிறன்."

அதாவது என் மகள் வருகிற மாசியிலும் ஒரு கெட்ட நாளில் முப்பத்தொன்பது எடுத்தால், நான் இல்லை என்று சொல்லவும் இடமில்லை. அவளைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மண்டபத்துக்கு ஓடினேன். அவள் முன்வரிசையில் நீதிபதியின் கறுப்பு அங்கியோடு இருந்தாள், பக்கத்தில் சிநேகிதி. எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டால் அதுவே ஒரு காட்சியாகிவிடும். பேசாமல் பின்னால் வந்து சிநேகிதியின் தாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் எனக்கென்று கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

தமிழ்த்தாய் வாழ்த்து, விளக்கு, வரவேற்புரை எல்லாம் முடிந்தது. அதிபர் ஒலிவாங்கிக்கு வந்தார். சின்ன வகுப்புகளில் தொடங்கினார். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எழும்பிக் கைகாட்டினார்கள், தாய்மார் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வகுப்பாக ஏற ஏற இன்னும் எத்தனை வகுப்பு என்று எண்ணினேன். என் மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

திரையில் ஏழாம் வகுப்பின் படம் வந்தது. இரண்டு தூண்கள். முந்தின வருடத்துத் தூண் குள்ளம், இந்த வருடத்தது அதைப்போல மூன்று மடங்கு உயரம். அறுபத்து மூன்று எப்படித் தொண்ணூற்றிரண்டில் மூன்றில் ஒன்றாகும் என்று பார்த்தேன். படத்தின் அடிக்கோடு பூச்சியத்தில் தொடங்கவில்லை, ஐம்பதில் தொடங்கியிருந்தது. மண்டபம் தூண்களைத்தான் பார்த்தது. ஒரு வியப்பொலி எழுந்தது.

"எமது மூத்த வகுப்பின் சித்தி வீதம் கடந்த ஆண்டு அறுபத்து மூன்று" என்று தாளைப் பார்த்து வாசித்தார். "இவ்வாண்டு பன்னிரண்டு மாணவர் தோற்றிப் பதினொருவர் சித்தியெய்தி, தொண்ணூற்றிரண்டு. இது இருபத்தொன்பது வீதப் புள்ளிகளின் உயர்வு." பிறகு தலையை நிமிர்த்தினார். "சிலர் இதை இருபத்தொன்பது வீதம் கூடியிருக்கு எண்டு சொல்லுவினம். அது பிழை. அறுபத்து மூண்டு தொண்ணூற்றிரண்டு ஆனால் கூடினது கிட்டத்தட்டப் பாதி. வீதமும் வீதப் புள்ளியும் வேற வேற. பெற்றோர் இதைக் கவனிக்கவேணும்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எள்ளளவு பிழையைப் பிடிக்கிற மனிதர் மலையளவு பிழையைக் காணாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவள் என் கையைத் தட்டி, "எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறார்" என்றாள்.

"ஏழாம் வகுப்பில சித்தியடைஞ்ச பிள்ளையள் எழும்புங்கோ."

எழும்பினார்கள். பதினொரு பேர். மண்டபம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டியது. என் மகள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கைப்பையின் வாரை முறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், அவளுக்குப் பக்கத்தில் சிநேகிதியும் இருந்தாள். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு தலை. அதற்கு அடுத்த வரிசையில் நாலு. சோதனை எழுதாத பிள்ளைகளும் நாடகத்துக்காக வந்திருந்தார்கள், எல்லாரும் வகுப்போடு முன்வரிசைகளில்தான் இருந்தார்கள். இது அதிபருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நிற்பவர்களுக்கு இடையில் இருப்பவர்கள் வாயில் பல் விழுந்த இடங்களாகத் தெரிந்தார்கள். கைதட்டல் மெல்ல மெலிந்தது. சனம் திரையைப் பார்ப்பதும் வரிசைகளைப் பார்ப்பதுமாக இருந்தது.

அதிபரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். அவருடைய உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். கைதட்டல் முற்றாக நின்றுவிட்டது, நின்ற பிள்ளைகளுக்கு இருப்பதா நிற்பதா என்று தெரியவில்லை.

"பன்னிரண்டில பதினொண்டு எண்டு போட்டிருக்கிறன்" என்றார். தனக்குத்தான் சொன்னார், ஆனால் ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது. "அப்பிடியெண்டால் ஒராள்தான் இருக்கவேணும். எட்டுப் பேர் இருக்கினம். போன வருசம் ஏழு பேர்தானே இருந்தவை."

முன்னால் இருந்த குழு உறுப்பினர் ஒருவர் எழும்பாமலே, "சேர், மற்றவை எழுதாத பிள்ளையள். அடுத்ததுக்குப் போங்கோ" என்றார்.

"ஓம், எழுதாத பிள்ளையள்." அதிபர் தலையாட்டினார். போகவில்லை. "எழுதவேண்டாம் எண்டு சொன்னது நான்."

அவர் என் மகள் இருந்த பக்கம் பார்த்தார், பிறகு சட்டென்று, "சோதனை எழுதின பிள்ளையள் எல்லாரும் எழும்புங்கோ. எழுதின எல்லாரும்" என்றார்.

என் மகள் எழும்பினாள். அங்கி காலில் தடக்கியது, பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான்தான் முதலில் கைதட்டினேன், வெட்கத்தை விட்டுத் தட்டினேன். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு பிள்ளை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலிருந்து மெதுவான குரல் கேட்டது. "அப்ப என்ர பிள்ளை?"

திரும்பினேன். சிநேகிதியின் தாய் என்னைப் பார்க்கவில்லை, முன்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது ஏழு பேர் மட்டும் எழும்பாமல் இருந்தார்கள். அவளுடைய மகள் கழுத்துவரை சிவந்துபோய்க் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளிடமிருந்து எடுத்த வெட்கத்தை அதிபர் தெரியாமல் அந்த ஏழு பேரின் தலையில் கட்டிவிட்டார். நானும் அதற்குக் கைதட்டியிருக்கிறேன். என் கை தானாக மடியில் விழுந்தது.

என் மகள் குனிந்து சிநேகிதியைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள்.

அதிபர் அதைக் கண்டார். கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். இனி வந்தது அந்தத் தாளில் இல்லை, மேடைத் தமிழும் இல்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவரின் குரல்.

"நான் ரெண்டாந்தரமும் பிழை விட்டிட்டன். ஏழாம் வகுப்பு முழுக்க எழும்புங்கோ பிள்ளையள். எல்லாரும்."

பத்தொன்பது பேரும் எழும்பினார்கள். சிநேகிதி கடைசியாக எழும்பினாள்.

"போன வருசம் இந்த வகுப்பில பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் எழுதினவை. பன்னிரண்டு சித்தி. இந்த வருசமும் பத்தொன்பது பேர். நான் பன்னிரண்டு பேரின்ர பேரைத்தான் அனுப்பினன். பதினொண்டு சித்தி. பதினொண்டைப் பன்னிரண்டால பிரிச்சால் தொண்ணூற்றிரண்டு, கணக்கில பிழையில்லை. எழுதின ஆக்களில எத்தினை பேர் எண்டு கேட்டால் அதுதான் விடை. ஆனால் போன வருசத்து அறுபத்து மூண்டோட அதைப் பக்கத்தில நிப்பாட்டேலாது. அது முழு வகுப்பின்ர கணக்கு. பக்கத்தில நிப்பாட்டுறதெண்டால் இந்த நிக்கிற பத்தொன்பதாலதான் பிரிக்கவேணும்."

மனதில் பிரித்தார். நீண்ட நேரம் எடுக்கவில்லை.

"ஐம்பத்தெட்டு" என்றார். "கூடேல்ல. குறைஞ்சிருக்கு. போன வருசத்தை விட ஒரு பிள்ளை குறைய. ஒரு பிள்ளையை வைச்சுப் படிப்புக் குறைஞ்சுபோச்செண்டும் சொல்லேலாது, சின்ன வகுப்பில அது அங்க இங்க போகும். ஆனால் கூடிப்போச்செண்டு சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை."

குழு உறுப்பினர் தொண்டையைச் செருமினார். அதிபர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இந்த ஏழு பேரும் எழுதியிருந்தால் எத்தினை பேர் சித்தியடைஞ்சிருப்பினம் எண்டு இப்ப எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதை அறியிற வழியை நான் மாசியில போன் எடுத்து அடைச்சுப்போட்டன். பெற்றோர் எனக்கு நன்றி சொன்னவை. நானும் நல்ல காரியம் எண்டுதான் நினைச்சனான்." பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் எழுத விரும்புற பிள்ளையின்ர பேர் எல்லாம் போகும். வீதம் எவ்வளவு வந்தாலும் அந்த வீதத்தை இங்க நிண்டு சொல்லுறன்."

பேச்சுத் தாளின் கடைசிப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். புது விதி அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். திரையில் அந்த உயரமான தூண் இன்னும் நின்றது, அதை எப்படி அணைப்பது என்று கணினிக்குப் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று சனத்துக்கும் தெரியவில்லை. சிலர் தட்டினார்கள், பலர் தட்டவில்லை. பின்னால் ஒருவர், "இதை வெளியில சொல்லத் தேவையில்லை" என்று தன் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் கைப்பையைத் திறந்து டிஷ்யூ தேடினாள். நான் என்னுடையதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. நீதிபதி இரண்டு இடத்தில் வசனத்தை மறந்தார், சிநேகிதி எடுத்துக்கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் மகள் அங்கியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குள் ஒரு வெற்றி குதித்துக்கொண்டிருந்தது, மறைக்க முடியவில்லை.

"பாத்தனியே, சேர் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார். நீ தனியா இல்லை. வருகிற வருசம் நீயும் எழுதலாம், ஒருத்தரும் மறிக்கேலாது."

"ம்" என்றாள். காருக்குள் ஏறி இருக்கைப் பட்டியைப் போட்டாள். கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அங்கே சிநேகிதி தன் தாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள், இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளி.

"அம்மா, நாங்கள் எட்டுப் பேரும் ஃபெயில்."

"இல்லை பிள்ளை. அவை ஏழு பேரும் எழுதேல்ல. எழுதாட்டி ஃபெயில் இல்லை."

அவளுக்குத் தமிழில் நீளமாகச் சொல்ல வராது. வழக்கமாக அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அன்று ஏனோ தாவவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"உங்களுக்கு அப்பிடி, அம்மா. அவ மாசியில இருந்து ஃபெயில். எனக்கு மூண்டு மார்க். அவவுக்கு எவ்வளவு எண்டே தெரியாது."

நான் சாவியைத் திருப்பாமல் இருந்தேன். பிறகு கதவைத் திறந்து இறங்கி, அவர்கள் இருவரும் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேருமுன் எங்கள் காரில் வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.